மூன்றாவது கோடு

பட்டறையில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மீட்டரக்கா என்றால்தான் தெரியும். ரெசிஸ்டர் என்று ஒரு சாமான் உண்டு. அரிசியைவிடக் கொஞ்சம் பெரியது, இரண்டு பக்கமும் கம்பி, உடம்பைச் சுற்றி வண்ணக் கோடுகள். கோடுகளைப் படித்தால் அது கரண்டை எவ்வளவு தடுக்கும், எத்தனை ஓம் என்று சொல்லிவிடலாம். மற்றவர்கள் எல்லாம் நம்பிக்கையில்லாமல் மீட்டரின் இரண்டு முனைகளையும் வைத்துப் பார்ப்பார்கள். இவள் ஒரு பிடி ரெசிஸ்டரை உள்ளங்கையில் பரப்பிக்கொண்டு, அரிசியில் கல் பொறுக்குகிற வேகத்தில் ஆயிரம் இங்கே, பத்தாயிரம் அங்கே என்று பிரித்துப் போட்டுவிடுவாள். வாய் அதுபாட்டுக்குப் பேசிக்கொண்டிருக்கும்.

பத்தொன்பது வயதில் ஒரு டிவி கம்பெனியில் பலகையில் சாமான் செருகுகிற வரிசையில் போய் உட்கார்ந்தவள். கம்பெனி மூடியது, அடுத்தது, அதுவும் மூடியது. இப்போது நாற்பத்தாறு வயது. அச்சகத்துக்கு மேலே, இரண்டாவது மாடியில், மூன்றே பேர் உள்ள இந்தப் பட்டறையில் வேலை. வெப்பம், ஈரப்பதம் இவற்றைப் பார்த்துத் தானாக சுவிட்ச் போடுகிற கன்ட்ரோலர் போர்டுகள் இங்கே தயாராகும். முதலாளி முக்கால்வாசி நேரம் வெளியில். சிப்புக்குள் புரோகிராம் எழுதிப் போடுகிறவன் தாடி. தாடி வைத்திருப்பதைத் தவிர அவனைப் பற்றிச் சொல்ல பெரிதாக ஒன்றும் இல்லை, தங்கமான பிள்ளை. சாமான் செருகி, ஈயம் வைத்து, சோதித்து அனுப்புவது மீட்டரக்கா. அவளுக்குத் தன் கண்மேல் அவ்வளவு பெருமை. அந்தப் பெருமைதான் அவளைப் படுகுழியில் கொண்டுபோய் விட்டது என்று நான் சொன்னால் அவளே ஒத்துக்கொள்வாள்.

அன்று காலை பத்தரை மணிக்கு, காளான் வளர்க்கிற ஒருவர் கொடுத்தனுப்பிய போர்டு அவள் மேசைக்குத் திரும்பி வந்தது. கூடவே ஒரு துண்டுச் சீட்டு: ‘எண் காட்டுகிறது, ஆனால் தண்ணீர் தெளிக்கிற மிஷின் ஓடவே மாட்டேன் என்கிறது.’

“ரிலே போயிருக்கும்,” என்றான் தாடி, திரும்பிக்கூடப் பார்க்காமல்.

“வாய்க்கு வந்ததைச் சொல்லாத. பாத்துட்டுச் சொல்லு,” என்றாள் மீட்டரக்கா. கையில் போர்டை எடுத்தாள்.

இந்த இடத்தில் போர்டைப் பற்றி நாலு வார்த்தை சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் அவள் ஏன் அப்படி ஆடிப்போனாள் என்று விளங்காது. சிப்புக்குக் கால்கள் உண்டு, பின் என்பார்கள். ஒரு பின் ஐந்து வோல்ட்டில் இருபது மில்லி ஆம்பியர் வரை முகம் கோணாமல் கொடுக்கும். நாற்பதைத் தொட்டால் அதன் உயிருக்கு உத்தரவாதம் இல்லை. ரிலே என்பது காயில் சுற்றிய ஒரு சுவிட்ச். காயிலில் கரண்ட் ஓடினால் ‘டிக்’ என்று ஒட்டி ஹீட்டரையோ மோட்டாரையோ போடும், நின்றால் ‘டிக்’ என்று விட்டுவிடும். அந்தக் காயிலுக்குப் பன்னிரண்டு வோல்ட் வேண்டும், பின்னால் அதைச் சுமக்க முடியாது. அதனால் நடுவில் ஒரு டிரான்சிஸ்டர். பின் அதன் பேஸ் காலை லேசாகத் தட்டிவிட்டால் போதும், பாரத்தை டிரான்சிஸ்டர் இழுத்துக்கொள்ளும். அந்தத் தட்டு லேசாகவே இருக்கவேண்டும் என்பதற்காகத்தான் பின்னுக்கும் பேஸுக்கும் நடுவே ஆயிரம் ஓம் ரெசிஸ்டர் ஒன்று. அது இருந்தால் பின்னிலிருந்து போவது வெறும் நாலு மில்லி ஆம்பியர்.

அவள் முறைப்படியே பார்த்தாள். காயிலை நிறுத்தும்போது அது திருப்பி உதைக்கும், அந்த உதையை வாங்கிக்கொள்ள ஒரு டயோடு இருக்கும். அது சரியாக இருந்தது, வெள்ளிக் கோடு பிளஸ் பக்கம். பேஸுக்குத் தானே தனியாக ஒரு ஆயிரம் ஓம் வழியாக ஐந்து வோல்ட் கொடுத்துப் பார்த்தாள். டிக். ரிலேயும் நல்லபடி, டிரான்சிஸ்டரும் நல்லபடி. அப்படியானால் கோளாறு அதற்கு முன்னால். பின்னில் மீட்டரை வைத்தாள். சிப் ‘ஆன்’ என்று சொல்கிறது, சிவப்பு விளக்கு எரிகிறது, பின்னில் மட்டும் பூஜ்யம்.

“பின் செத்துப்போச்சு,” என்றாள்.

தாடி நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தான். “அது எப்படிக்கா சாகும்? நாலு மில்லி ஆம்பியர்ல ஒரு பின் சாகுமா? அதுக்கு யாராவது நல்லா அடிச்சிருக்கணும்.”

மீட்டரக்கா ரெசிஸ்டரைப் பார்த்தாள். பழுப்பு, கருப்பு, சிவப்பு. ஆயிரம். சந்தேகமே இல்லை. இருந்தாலும் ஜன்னல் பக்கம் திரும்பி வெயிலில் காட்டினாள். பழுப்பு, கருப்பு... மூன்றாவது கோடு சிவப்பா அது? அதன் ஒரு பக்கக் கம்பியை ஈயத்திலிருந்து தூக்கிவிட்டு மீட்டரை வைத்தாள். தொண்ணூற்றொன்பது.

நூறு ஓம். பழுப்பு, கருப்பு, பழுப்பு. ஆயிரம் இருக்கவேண்டிய இடத்தில் நூறு. அந்தப் பின் ஒவ்வொரு தடவை ரிலேயைப் போடும்போதும் நாற்பதை ஒட்டிக் கரண்டைத் துப்பியிருக்கிறது, ஒரு நாளைக்கு ஆயிரம் தடவை. மூன்று வாரம் தாக்குப்பிடித்ததே பெரிசு.

“அக்கா,” என்றான் தாடி மெதுவாக, “இது டியூப்லைட் அவிஞ்சுபோச்சே, அந்த வாரம் செஞ்சதா?”

அதே வாரம்தான். டியூப்லைட் போய்விட்டது, புதிது வருகிற வரைக்கும் மஞ்சள் பல்பு ஒன்றை மாட்டி வேலை பார்த்தார்கள். அந்த வாரம்தான் ரெசிஸ்டர் டப்பாவைக் கொட்டிப் பிரித்து நிரப்பினாள். மஞ்சள் வெளிச்சத்தில் பழுப்பும் சிவப்பும் அக்கா தங்கை. “மீட்டர் வெச்சுப் பாத்துடுங்கக்கா” என்று இவன் சொன்னதும் நினைவிருக்கிறது. “உங்க மீட்டர்ல பேட்டரி தீரும், என் கண்ணுல தீராது” என்று தான் சொன்னதும் நினைவிருக்கிறது. போர்டை அனுப்புமுன் சோதித்தார்கள்தான். ரிலே டிக் என்றால் ஓகே, அதுதான் பட்டறையின் சோதனை. நூறு ஓமிலும் ரிலே டிக் என்று ஜோராகவே அடிக்கும்.

அந்த வாரம் செய்தது பன்னிரண்டு போர்டு. பத்து அலமாரியில் இருந்தன. இருவரும் ஆளுக்கு ஐந்தாக எடுத்து, கோட்டைப் பார்க்காமல், மீட்டரிலேயே பார்த்தார்கள். ஆறில் ஆயிரம். நாலில் நூறு.

“காளான்காரர்து ஒண்ணு. இன்னொண்ணு யாருக்குப் போச்சு?” என்றான் தாடி.

அவளுக்குத் தெரியும். தாடிக்கும் கேட்ட பிறகுதான் உறைத்தது.

பன்னிரண்டாவது போர்டு அவளுடைய நாத்தனார் வீட்டில், முட்டை பொரிக்கிற பெட்டியில் இருந்தது. உள்ளே முந்நூற்று எழுபத்தெட்டு முட்டை. இருபதாவது நாள். நாளைக்குக் குஞ்சு வெளியே வரவேண்டும்.

நாத்தனார் என்றால் சும்மா பேருக்கு நாத்தனார் இல்லை. வீட்டுக்காரருக்கு ஒரே தங்கை, தனிக்கட்டை. பதினாறு வருஷம் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் வேலை பார்த்தாள். ஒருநாள் அந்த வேலையே இனிமேல் கிடையாது என்று அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு மூன்று மாதம் படுக்கையை விட்டு எழுந்திருக்கவில்லை. சாப்பிடு என்றால் சாப்பிடுவாள், எழுந்திரு என்றால் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுப்பாள். அண்ணன் வாரம் இரண்டு தடவை போய் உட்கார்ந்துவிட்டு, வீட்டுக்கு வந்து பேசாமல் கிடப்பார். அப்படிப்பட்டவள் எங்கேயோ எதையோ படித்துவிட்டு, கோழிக்குஞ்சு பொரிக்கப் போகிறேன் என்று எழுந்து உட்கார்ந்தாள். தலை வாரினாள். பெட்டியைத் தானே ஆள் வைத்துச் செய்தாள். முட்டையை எடுத்து வெளிச்சத்தில் பார்த்து, உள்ளே சிலந்தி மாதிரி ரத்த நரம்பு ஓடுகிறது என்று போனில் கூவினாள். “என் பொண்ணு திரும்பி வந்துட்டாடி” என்று வீட்டுக்காரர் மீட்டரக்காவிடம் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தங்கையைத்தான் அப்படிச் சொன்னார்.

கன்ட்ரோலரை மட்டும் கம்பெனி சரக்காக வாங்கிவிடலாம் என்று நாத்தனார் நினைத்தாள். மீட்டரக்காதான் விடவில்லை. “எதுக்குக் கண்டவன் செஞ்சது? நான் என் கையால செஞ்சு தரேன். இருபத்தேழு வருஷமா இதுதானே செய்றேன்” என்று எல்லோர் முன்னாலும் மார்தட்டினாள்.

“உடனே போன் பண்ணுங்கக்கா,” என்றான் தாடி. “ஹீட்டரைத் தனியா கழட்டிட்டு, கையால போட்டுப் போட்டு நிறுத்தச் சொல்லுங்க. எண்ணைப் பாத்துக்கிட்டே உக்காந்தா போதும். அதுக்குள்ள நீங்க போய் போர்டை மாத்திடலாம்.”

“ஆயிரமாக்கூட இருக்கலாம்ல?”

“நூறாக்கூட இருக்கலாம்.”

“செத்தா எப்படிச் சாகும்? இது மாதிரி ஆஃப்லயே நின்னுடுமா?”

தாடி உதட்டைப் பிதுக்கினான். “யாருக்குத் தெரியும்? உள்ள கருகி அறுந்தா ஆஃப். கருகி ஒட்டிக்கிச்சுன்னா ஆன்லயே நிக்கும்.”

ஆஃபில் நின்றால் முட்டை ஆறும். இருபதாவது நாள் குஞ்சு கொஞ்ச நேரம் அதைத் தாங்கும். ஆனில் நின்றால் வெந்துபோகும்.

அவள் போனை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குப் போனாள். கீழே அச்சு மிஷின் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது, படி லேசாக அதிர்ந்தது. மணி பதினொன்று.

“சொல்லுங்க அண்ணி!” நாத்தனார் குரலில் அப்படி ஒரு துள்ளல்.

“இல்ல... எண் எவ்வளவு காட்டுது?”

“முப்பத்தேழு புள்ளி ரெண்டு. கல்லுல எழுதின மாதிரி நிக்குது.”

“டிக் டிக்குனு சத்தம் வருதா? போட்டு நிறுத்துதா?”

“வருது, வருது. ராத்திரியெல்லாம் அதைக் கேட்டுக்கிட்டுத்தான் தூங்கறேன். ஏன் அண்ணி?”

இப்போது சொல்லியிருக்க வேண்டும். நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. ‘நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன்’ என்று நாலே வார்த்தை. ஆனால் அந்தக் குரலைக் கேட்டதும் அவளுக்கு வாய் வரவில்லை. ஓடிக்கொண்டுதானே இருக்கிறது, பத்தில் ஆறு நல்ல போர்டு, இவளை எதற்கு இந்தக் கடைசி நாளில் கலங்கடிக்க வேண்டும், ஒரு மணி நேரத்தில் போய் மாற்றிவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. இப்படித்தான் அவள் மனசு கணக்குப் போட்டது. நாத்தனாருக்காக யோசித்த மாதிரிதான் இருந்தது. உண்மையில் தன் மூக்கு உடையாமல் இருக்க வழி தேடினாள், அவ்வளவுதான்.

“சும்மாதான் கேட்டேன். அந்தப் பக்கம் ஒரு வேலையா வரேன், அப்படியே எட்டிப் பாக்கலாம்னு.”

“வாங்க அண்ணி! ஆனா நான் இப்பக் கெளம்பறேன். குஞ்சுங்களுக்குத் தண்ணித் தட்டு, தீவனத் தட்டு எல்லாம் வாங்கணும். பன்னெண்டரைக்குள்ள வந்துடுவேன். சாவி பக்கத்து வீட்டு டெய்லர்கிட்ட இருக்கு. பெட்டிக் கதவை மட்டும் தொறந்துடாதீங்க, சொல்லிட்டேன்! இந்த மூணு நாள் பெட்டியைத் தொறக்கக் கூடாது, ஈரம் போயிடும்.”

“போகணுமா இப்ப?” என்று மட்டும் கேட்டாள் மீட்டரக்கா.

“ஏன், போகக் கூடாதா?”

“இல்ல, போயிட்டு வா.”

உள்ளே போய், தாடி முகத்தைப் பார்க்காமல் பையை எடுத்தாள். சோதித்த போர்டுகளில் ஒன்றை எடுத்துத் துணியில் சுற்றி வைத்தாள். பிறகு பிரித்து, திரும்பவும் மீட்டரை வைத்துப் பார்த்தாள். ஆயிரத்து மூன்று. மறுபடி சுற்றி, மீட்டரோடும் ஸ்க்ரூ டிரைவரோடும் பையில் போட்டாள்.

“சொல்லிட்டீங்களா?” என்றான் தாடி.

“ம்,” என்றாள். அது அன்றைக்கு அவள் சொன்ன இரண்டாவது பொய்.

பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. நின்றுகொண்டு வந்திருந்தால்கூடத் தேவலை, உட்கார்ந்ததும் மனசு பேயாட்டம் ஆட ஆரம்பித்துவிட்டது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் பஸ் அரை நாள் நிற்கிற மாதிரி இருந்தது. ஒரு ஆள் பெட்டியை ஏற்ற முடியாமல் ஏற்றிக்கொண்டிருந்தான். எழுந்து போய் அவனையும் பெட்டியையும் சேர்த்து உள்ளே தள்ளலாமா என்று இருந்தது. இந்த நிமிஷம் டிக் என்று போட்டிருக்கும், இந்த நிமிஷம் விட்டிருக்கும், இந்த நிமிஷம் போட்டிருக்கும், விட்டிருக்குமா? அந்தப் பெட்டிக்கு ஹீட்டர் ஒரு நிமிஷத்தில் பாதிக்கு மேல் எரியும். அப்படியானால் பின் பாதிக்கு மேல் அடி வாங்குகிறது. இருபது நாள்.

பதினொன்றரைக்கு நாத்தனாருக்குப் போன் போட்டாள். இந்தத் தடவை சொல்லிவிடுவது என்று தீர்மானம் பண்ணிக்கொண்டுதான் போட்டாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. வண்டி ஓட்டிக்கொண்டிருப்பாள். பதினொன்று நாற்பதுக்கு மறுபடி. எடுக்கவில்லை. டெய்லர் நம்பர் இவளிடம் இல்லை. கேட்கத் தோன்றவில்லையே என்று தன் தலையிலேயே ஒரு போடு போட்டுக்கொண்டாள், பக்கத்து சீட்டு அம்மா திரும்பிப் பார்த்தாள்.

பன்னிரண்டு பத்துக்குத் தெருமுனையில் இறங்கி ஓட்டமும் நடையுமாக வந்தாள். டெய்லர் வாசலில் தையல் மிஷினை நிறுத்தாமலே சாவியை நீட்டினார்.

“உள்ள என்னமோ கத்திக்கிட்டே இருக்கும்மா. அரை மணி நேரமா. கடிகார அலாரம்னு நெனச்சேன்.”

சாவி துவாரத்தில் நுழையவில்லை. மூன்றாவது தடவை நுழைந்தது. கதவைத் திறந்ததும் அந்தச் சத்தம் முகத்தில் அறைந்தது. பீ, பீ, பீ, பீ. முப்பத்தெட்டரையைத் தாண்டினால் கத்துவதற்காகத் தாடி வேறொரு பின்னில் வைத்த பஸ்ஸர். சிப்புக்குத் தெரிந்திருக்கிறது, நிறுத்து என்று அந்தப் பின்னுக்குச் சொல்லிச் சொல்லிப் பார்த்திருக்கிறது, அந்தப் பின் கேட்கவில்லை. கத்தியிருக்கிறது, காலி வீட்டில் கேட்க ஆள் இல்லை.

எண் நாற்பது புள்ளி எட்டு.

ஓடிப்போய் ஹீட்டர் பிளக்கைப் பிடுங்கினாள். பெட்டிக் கதவைத் திறந்தாள். தொறக்கக் கூடாதுதான், ஆனால் சூட்டைவிட அது தேவலை. வெந்நீர் அண்டாவைத் திறந்த மாதிரி அனல் வந்து மோதியது. விசிறி ஓடிக்கொண்டே இருந்தது. நாற்பது புள்ளி ஐந்து, நாற்பது, முப்பத்தொன்பது புள்ளி இரண்டு. பஸ்ஸர் நிற்கிற வரைக்கும் அவள் தரையில் மண்டிபோட்டுக்கொண்டு எண்ணையே பார்த்தாள். சத்தம் நின்ற பிறகு முட்டைகளிலிருந்து எதாவது கேட்கிறதா என்று காதைக் கொண்டுபோனாள். விசிறியின் இரைச்சல்தான் கேட்டது.

பழைய போர்டில் மீட்டரை வைத்தாள். ஆஃப் விளக்கு எரிகிறது, பின்னில் மூணே முக்கால் வோல்ட். கருகி ஒட்டிக்கொண்டுவிட்டது. ரெசிஸ்டரை அளக்கவே தேவையில்லை. ஆனாலும் அளந்தாள், தண்டனை மாதிரி. தொண்ணூற்றெட்டு. நாலு திருகைக் கழற்றி, புது போர்டை மாட்டி, வயர்களையும் ஹீட்டர் பிளக்கையும் செருகினாள். டிக். காத்திருந்தாள். டிக். கதவைச் சாத்தி, தட்டில் தண்ணீர் நிரப்பினாள். முப்பத்தேழு புள்ளி ஒன்று.

நாத்தனார் உள்ளே வந்தபோது இவள் இன்னும் தரையில்தான் இருந்தாள். பழைய போர்டு மடியில். நாத்தனாரின் இரண்டு கையிலும் தட்டுகள், சிவப்பும் மஞ்சளுமாக.

“என்னாச்சு அண்ணி? டெய்லர் என்னமோ கத்துச்சுன்னாரு!”

“சூடு ஏறிடுச்சு. நாப்பது புள்ளி எட்டு. போர்டு மாத்திட்டேன்.”

நாத்தனார் தட்டுகளைக் கீழே போட்டுவிட்டுப் பெட்டிக் கண்ணாடியில் முகத்தை வைத்துப் பார்த்தாள். பிறகு திரும்பி வந்து இவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். “நல்ல வேளை அண்ணி, நல்ல வேளை நீங்க வந்தீங்க! கையோட போர்டு வேற கொண்டுவந்திருக்கீங்க. நீங்க மட்டும் வரலன்னா எல்லாமே போயிருக்கும். தெய்வம் மாதிரி வந்தீங்க.”

வாய் கூசாமல் ஒத்துக்கொள்ளலாம். கரண்ட் ஏறி இறங்கியது, சிப் போய்விட்டது என்றால் நாத்தனாருக்கு என்ன தெரியும்? வீட்டுக்காரர் எட்டு வீட்டுக்குச் சொல்லிப் பெருமைப்படுவார். மீட்டரக்கா அந்தக் கையைப் பார்த்தாள். இத்தனை மாதம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவளின் கை. அவளால் அதைத் தாங்க முடியவில்லை.

“தெய்வமும் இல்ல ஒண்ணும் இல்ல. நான்தான் இதுக்குக் காரணம்.” மடியிலிருந்த போர்டை எடுத்து அந்தச் சின்ன ரெசிஸ்டரைக் காட்டினாள். “இது ஆயிரம் ஓம் இருக்கணும். நான் நூறு போட்டுட்டேன். மூணாவது கோடு பிரவுன், நான் செவப்புன்னு படிச்சுட்டேன். சிப்போட காலுக்குப் பாரம் தாங்கல, கருகிடுச்சு. ஹீட்டர் நிக்கவே இல்ல.”

நாத்தனார் அந்தக் கோட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். “தப்புதானே அண்ணி. யாரு பண்ணல? நான் பதினாறு வருஷம் ஆபீஸ்ல பண்ணாத தப்பா?”

அதோடு விட்டிருக்கலாம். நாத்தனாரே மன்னித்துவிட்டாள். ஆனால் மீட்டரக்காவுக்குத் தொண்டைக்குள் இருந்தது இன்னும் வெளியே வரவில்லை.

“காலையில போன் பண்ணேன்ல. அப்பவே எனக்குத் தெரியும்.”

“என்ன தெரியும்?”

“இந்த போர்டு கெட்டுப்போகலாம்னு தெரியும். தாடி சொன்னான், சொல்லிடுங்கன்னு. நான்தான் சும்மா கேட்டேன்னு சொன்னேன். எனக்கு... வெக்கமா இருந்துச்சு.”

நாத்தனார் கையை எடுத்துக்கொண்டாள். வெடுக்கென்று இல்லை; மெதுவாகத்தான் எடுத்தாள், அது இன்னும் மோசமாக இருந்தது. தரையில் சிதறிக் கிடந்த தட்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அடுக்கினாள்.

“போகணுமான்னு கேட்டீங்க,” என்றாள், இவளைப் பார்க்காமல். “நான் வேற போகக் கூடாதான்னு திருப்பிக் கேட்டேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வாசப்படி தாண்டியிருக்க மாட்டேன் அண்ணி. பக்கத்துலயே உக்காந்திருப்பேன்.”

மீட்டரக்கா பழைய போர்டைத் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்தாள்.

“நீங்க போங்க. நான் பாத்துக்கறேன்.”

மறுநாள் முழுக்க நாத்தனாரிடமிருந்து போன் வரவில்லை. வீட்டுக்காரர் காலையிலேயே அங்கே போய்விட்டார். இவளிடம் முழு விஷயத்தையும் கேட்டுவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு போனார். பட்டறையில் இவள் ஒவ்வொரு ரெசிஸ்டரையும் மீட்டரில் வைத்துப் பார்த்துவிட்டுச் செருகினாள். மதியம் வீட்டுக்காரர் ஒரு வரி அனுப்பினார்: ‘வர ஆரம்பித்துவிட்டது.’ சாயங்காலம் இன்னொரு வரி: ‘நூற்று எழுபது.’ அவள் அந்த எண்ணைப் பார்த்து மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள். நூற்று எழுபது வந்ததற்கா, மீதி வராததற்கா என்று கேட்டிருந்தால் அவளுக்கே சொல்லத் தெரிந்திருக்காது.

இருபத்திரண்டாவது நாள் மதியம் போன் வந்தது. நாத்தனார்தான்.

“வரீங்களா அண்ணி?” என்றாள். அவ்வளவுதான்.

போனபோது அறை முழுக்கக் கீச் கீச் என்று ஒரே சத்தம். பல்புக்குக் கீழே அட்டைத் தடுப்புக்குள் இருநூற்று நாற்பத்தொரு குஞ்சு, ஒன்றின்மேல் ஒன்று ஏறி விழுந்துகொண்டிருந்தது. நாத்தனாரின் கண் தூக்கமில்லாமல் சிவந்திருந்தது, முடியில் தவிட்டுத் தூள். ஆனால் எழுந்து நடமாடிக்கொண்டிருந்தாள். மீட்டரக்கா முதலில் அதைத்தான் பார்த்தாள்.

பெட்டிக்குள் இன்னும் நூற்று முப்பத்தேழு முட்டை அசையாமல் இருந்தன.

“நல்ல மிஷின்லகூட முப்பது நாப்பது பொரிக்காதாம்,” என்றாள் நாத்தனார். “மீதி எதனாலன்னு நமக்குத் தெரியும்.” குரலில் கோபம் இல்லை, சலுகையும் இல்லை. ஜன்னலைச் சாத்தித் திரையை இழுத்தாள். சின்ன டார்ச் ஒன்றை எடுத்து இவள் கையில் வைத்தாள். “லேட்டா வரதும் ரெண்டொண்ணு இருக்கும். அகலமான முனையில வெச்சு அடிச்சா, உள்ள அலகு அசையறது தெரியும். எனக்குக் காலையிலேருந்து கை நடுங்குது, ஒவ்வொண்ணும் அசையற மாதிரியே இருக்கு. நீங்க பாருங்க. இருந்தா இருக்குன்னு சொல்லுங்க. இல்லன்னா இல்லன்னு சொல்லுங்க.”

மீட்டரக்கா தரையில் உட்கார்ந்து முதல் முட்டையை வாங்கினாள். இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. அகலமான முனையை மேலாகப் பிடித்து அதில் டார்ச்சை வைத்தாள். மேலே ஆரஞ்சு வெளிச்சம், கீழே ஒரே கருப்பு. அசைகிறதா? அசைகிற மாதிரிதான் இருந்தது; தன் விரல்தான் ஆடுகிறது என்று முழங்காலில் ஊன்றிக்கொண்டு பார்த்தாள். ‘இன்னும் ஒரு நாள் வெச்சுப் பாக்கலாம்’ என்று சொல்ல அவளுக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது. பத்து எண்ணுகிற வரைக்கும் பார்த்தாள். இருபது எண்ணுகிற வரைக்கும் பார்த்தாள்.

“இல்ல,” என்றாள்.

நாத்தனார் அதை வாங்கிக் கூடையில் வைத்துவிட்டு, அடுத்ததை நீட்டினாள்.